கூட்டத்தைச் சுட முடியாது: தூத்துக்குடி துப்பாக்கிச்சூடும் ஐ.நா. விதிகளும்

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் நடந்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே பேச்சு ஒரே இடத்துக்கு வந்து நிற்கும். ஒரு தரப்பு, "கூட்டம் கலவரத்தில் இறங்கியது, ஆட்சியர் அலுவலகத்தில் வண்டிகளைக் கொளுத்தினார்கள், போலீஸ் வேறென்ன செய்யும்?" என்று கேட்கும். மறுதரப்பு, "அமைதியாகப் போன மக்களைச் சுட்டார்கள்" என்று சொல்லும். இரண்டுமே அந்தக் கூட்டம் எப்படிப்பட்டது என்பதைப் பற்றிய வாதங்கள். அது நல்ல கூட்டமா கெட்ட கூட்டமா என்று முடிவாகிவிட்டால் துப்பாக்கிச்சூடு சரியா தவறா என்பதும் முடிவாகிவிடும் என்று இரு தரப்பும் நினைக்கின்றன.

சர்வதேச மனித உரிமைச் சட்டம் கேட்கும் கேள்வி வேறு. ஒவ்வொரு தோட்டாவும் யாரை நோக்கிச் சுடப்பட்டது? அந்த நொடியில் அந்த ஆள் யாருடைய உயிருக்கு ஆபத்தாக நின்றார்? கூட்டம் எப்படி இருந்தது என்பது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் போராட்டக் காவல் பற்றிய சர்வதேச விதிகளில் பெரும்பகுதி தானாகவே புரிந்துவிடும். நம் சட்டம் எங்கே பின்தங்கி நிற்கிறது என்பதும் தெரியும்.

நடந்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையின் விரிவாக்கத்தை எதிர்த்து ஊர் மக்கள் நடத்திய போராட்டத்தின் நூறாவது நாள் அது. ஆட்சியர் அலுவலகத்தை முற்றுகையிடப் போவதாகப் பல நாள் முன்பே அறிவித்திருந்தார்கள். மே 20 அன்று சமாதானக் கூட்டம் ஒன்று நடந்தது. மாவட்ட ஆட்சியர் அதற்கு வரவில்லை, சார் ஆட்சியர்தான் நடத்தினார். பேரணிக்குப் பதிலாக ஒரு பள்ளி மைதானத்தில் கூடிக்கொள்ளலாம் என்ற யோசனையை ஒரு பகுதியினர் ஏற்றார்கள், மற்றவர்கள் ஏற்கவில்லை. 21ஆம் தேதி இரவு 144 தடை உத்தரவு வந்தது. மறுநாள் காலை பெண்கள், குழந்தைகள், மீனவர்கள், வியாபாரிகள் என்று பல்லாயிரம் பேர் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தார்கள். ஆட்சியர் அன்று ஊரில் இல்லை, கோவில்பட்டியில் இருந்தார். அலுவலக வளாகத்தில் கல்வீச்சும் தீவைப்பும் நடந்தன. போலீஸ் சுட்டது. ஒன்றல்ல, பல இடங்களில் சுட்டது. மறுநாள் அண்ணா நகரிலும் சுட்டது. மொத்தம் 13 பேர் இறந்தார்கள்.

நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் நான்கு ஆண்டு விசாரித்து 2022 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சுடுவதற்கான சூழல் இருக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீதும் சுட்டிருக்கிறார்கள், சுடுவதற்கு முன் செய்யவேண்டிய எச்சரிக்கைகள் முறைப்படி செய்யப்படவில்லை என்பவை அதன் முக்கியமான முடிவுகள்.

சர்வதேசச் சட்டம் இதை எப்படிப் பார்க்கும்? அது முதல் தோட்டாவிலிருந்து தொடங்குவதில்லை, முந்தைய இரவின் 144லிருந்தே தொடங்கும்.

குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 21ஆம் பிரிவு அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிறது. இந்தியா 1979இல் அதில் சேர்ந்தது. சேரும்போதே, இந்த உரிமையை நம் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவுக்கு இசைவாகத்தான் நடைமுறைப்படுத்துவோம் என்று ஓர் அறிவிப்பையும் சேர்த்துக்கொண்டது. அதனால் உடன்படிக்கை நமக்குப் பொருந்தாது என்று ஆகிவிடாது. 19(1)(b) பிரிவும் ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையே பேசுகிறது. உள்நாட்டுச் சட்டத்தில் இடைவெளி இருக்கும் இடத்தில் உச்ச நீதிமன்றம் சர்வதேச உடன்படிக்கைகளைக் கையில் எடுத்திருக்கிறது. பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய விசாகா வழக்கில் 1997இல் அப்படித்தான் செய்தது.

உடன்படிக்கையின் 21ஆம் பிரிவை எப்படிப் படிக்கவேண்டும் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2020இல் விரிவாக விளக்கியது. பொதுக் கருத்துரை எண் 37 என்று அதற்குப் பெயர். அதில் மூன்று விஷயங்கள் தூத்துக்குடிக்கு நேராகப் பொருந்தும்.

போராடுபவர்கள் யாரிடம் பேச வருகிறார்களோ அவர்களின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் கூட முடிந்தவரை இடம் கொடுக்கவேண்டும் என்பது ஒன்று. ஆட்சியரிடம் கேட்கவேண்டியதை ஆட்சியர் அலுவலகத்துக்கு முன்னால்தான் கேட்க முடியும். ஊருக்குள் ஒரு மைதானத்தைக் கொடுத்து அங்கே பேசிக்கொள்ளுங்கள் என்பது சில நேரம் நியாயமாக இருக்கலாம். ஆனால் அதற்குக் காரணம் சொல்லவேண்டிய கடமை அரசுடையது. உச்ச நீதிமன்றம் இதில் சற்றுப் பின்வாங்கியிருக்கிறது. ஷாகீன் பாக் வழக்கில் 2020இல், போராட்டங்கள் குறிப்பிட்ட இடங்களில்தான் நடக்கவேண்டும் என்ற தொனியில் தீர்ப்பு சொன்னது. கருத்துரையின் போக்குக்கு அது ஒத்துப்போகவில்லை என்பது என் எண்ணம்.

அடுத்தது அனுமதி. முன்கூட்டித் தகவல் சொல் என்று அரசு கேட்கலாம், ஏனென்றால் சாலையைத் திருப்பிவிடவும் பந்தோபஸ்து போடவும் அதற்கு நேரம் வேண்டும். அனுமதி கேட்டுத்தான் உரிமையைப் பயன்படுத்தவேண்டும் என்று சொல்லக்கூடாது. தகவல் சொல்லாமல் கூடிவிட்டார்கள் என்பதற்காக மட்டும் அந்தக் கூட்டம் சட்டவிரோதமாகிவிடாது, அதைக் கலைக்கவும் அது காரணம் ஆகாது. முந்தைய இரவில் போட்ட தடை உத்தரவு மறுநாள் காலையில் கிளம்பியவர்களில் எத்தனை பேர் காதுக்குப் போயிருக்கும்? கடற்கரையிலிருந்து புறப்பட்ட ஒரு பெண்ணுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே குறைவு. நம் உச்ச நீதிமன்றமே 2020இல், காஷ்மீர் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில், 144 உத்தரவில் காரணங்கள் இருக்கவேண்டும், அதை வெளியிடவேண்டும், நியாயமான கருத்து வெளிப்பாட்டை அடக்கும் கருவியாக அதைப் பயன்படுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டது.

மூன்றாவதுதான் பெரியது. கருத்துரை 37 வன்முறை என்பதற்கு ஒரு வரம்பு போடுகிறது. காயமோ மரணமோ உண்டாக்கக்கூடிய, அல்லது சொத்துக்குக் கடுமையான சேதம் விளைவிக்கக்கூடிய உடல் பலத்தைப் பயன்படுத்தினால்தான் வன்முறை. தள்ளுமுள்ளு வன்முறை ஆகாது, சாலை மறியல் ஆகாது, போக்குவரத்து நின்றுபோவதும் ஆகாது. கூட்டத்தில் சிலர் கல் எறிந்தால் அந்தச் செயல் அவர்களுடையது மட்டும்தான். பக்கத்தில் கையில் பதாகையோடு நிற்பவரின் கணக்கில் அதைச் சேர்க்கக்கூடாது. எறிந்தவரைப் பிடிக்கலாம், வழக்குப் போடலாம். நிற்பவரின் உரிமை அப்படியே இருக்கிறது. மே 22 அன்று தீவைப்பு நடந்தது உண்மை. யார் செய்தார் என்று விசாரித்துத் தண்டிக்கவேண்டியதும் சரிதான். அந்தத் தீ பேரணியில் வந்த பல்லாயிரம் பேரையும் கலவரக்காரர்கள் ஆக்கிவிடவில்லை என்பதுதான் சட்டத்தின் நிலை.

நம் சட்டம் இங்கேதான் வேறு வழியில் போகிறது. அன்று நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129ஆம் பிரிவை எடுத்துக்கொள்வோம். பொது அமைதிக்குக் குந்தகம் விளைவிக்கக்கூடிய, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கொண்ட எந்தக் கூட்டத்தையும் கலைந்துபோகச் சொல்லி ஒரு நிர்வாக நடுவரோ காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ உத்தரவிடலாம். அவர் இல்லாதபோது ஓர் உதவி ஆய்வாளரே உத்தரவிடலாம். கலையாவிட்டால் பலத்தைப் பயன்படுத்திக் கலைக்கலாம். எவ்வளவு பலம், எந்த ஆயுதம், எந்த நிலையில் துப்பாக்கி என்று ஒரு சொல்கூட அந்தப் பிரிவில் இல்லை. கலையவில்லை என்பதே பலத்துக்குப் போதுமான காரணம். அளக்கப்படும் பொருள் கூட்டம், தனி ஆள் இல்லை.

இதில் வேடிக்கையான ஒரு விஷயம் உண்டு. அடுத்த பிரிவான 130 ராணுவத்தை அழைத்துக் கூட்டத்தைக் கலைப்பது பற்றியது. அங்கே, முடிந்தவரை குறைந்த பலத்தைப் பயன்படுத்தவேண்டும், உடலுக்கும் சொத்துக்கும் முடிந்தவரை குறைந்த காயமே ஏற்படவேண்டும் என்று எழுதியிருக்கிறது. ராணுவ அதிகாரிக்குச் சொன்ன அந்தக் கட்டுப்பாட்டைப் போலீசுக்கான 129இல் எழுதவில்லை. போலீசுக்கான வரம்புகள் காவல்துறையின் உள் விதிகளான காவல் நிலையாணைகளிலும் பயிற்சிப் பாடங்களிலும் இருக்கின்றன: எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தடியடி, அப்புறம் துப்பாக்கி என்ற படிக்கட்டு. சுட நேர்ந்தால் இடுப்புக்குக் கீழே சுடு என்பது பழைய பாடம்.

படிக்கட்டு என்ற எண்ணத்திலேயே ஒரு கோளாறு இருக்கிறது. எச்சரித்தாயிற்று, புகை போட்டாயிற்று, தடியடி நடத்தியாயிற்று, கூட்டம் இன்னும் நிற்கிறது, எனவே அடுத்த படி துப்பாக்கி என்று அது கொண்டுபோய் விடுகிறது. காவலர்கள் பலத்தையும் துப்பாக்கியையும் பயன்படுத்துவது பற்றி 1990இல் ஹவானாவில் நடந்த ஐ.நா. மாநாட்டில் ஏற்கப்பட்ட அடிப்படைக் கோட்பாடுகள் அந்தக் கடைசிப் படியை அங்கிருந்து எடுத்துவிடுகின்றன. ஒன்பதாவது கோட்பாட்டின்படி உயிருக்கோ கடுமையான காயத்துக்கோ உடனடி ஆபத்து வந்தால் மட்டுமே துப்பாக்கியைப் பயன்படுத்தலாம். கொல்லும் நோக்கோடு சுடுவது ஓர் உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும். பதின்மூன்றாவது கோட்பாடு, சட்டவிரோதமான ஆனால் வன்முறையற்ற கூட்டத்தைக் கலைக்கும்போது பலத்தைத் தவிர்க்கச் சொல்கிறது. பதினான்காவது, வன்முறைக் கூட்டமாகவே இருந்தாலும் ஒன்பதாவது கோட்பாட்டின் நிபந்தனை நிறைவேறினால்தான் துப்பாக்கி என்கிறது. கருத்துரை 37 இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது: கூட்டத்தைக் கலைக்கத் துப்பாக்கியை ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது, கூட்டத்துக்குள் கண்மூடித்தனமாகச் சுடுவது எந்த நிலையிலும் சட்டப்படியானது அல்ல.

அப்படியானால் ஒரு கட்டடத்துக்குள் போலீஸ்காரர் ஒருவரைச் சூழ்ந்துகொண்டு ஒருவர் அரிவாளை ஓங்கினால்? ஓங்கியவரைச் சுடலாம். வாசலில் நின்று கோஷம் போடுபவரைச் சுடக்கூடாது. காலி வண்டிக்குத் தீவைத்துவிட்டு ஓடுபவரையும் சுடக்கூடாது, பிடிக்கவேண்டும். சொத்து எரிகிறது என்பது மட்டும் துப்பாக்கிக்குக் காரணம் ஆகாது. உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்ட கட்டடத்துக்கு ஒருவர் தீவைக்கிறார் என்றால் அங்கே உயிராபத்து வந்துவிடுகிறது, கணக்கு மாறுகிறது.

இடுப்புக்குக் கீழே சுடுவது பற்றியும் சொல்லவேண்டும். காலில் சுட்டால் சாகமாட்டார் என்பது நிச்சயமில்லை. தொடை ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். அதனால்தான் துப்பாக்கியால் சுடுவது எப்போதும் உயிரைப் பறிக்கக்கூடிய செயல் என்றே இந்த விதிகள் வைத்துக்கொள்கின்றன. காயப்படுத்த மட்டும் சுட்டேன் என்ற வகையே அதில் கிடையாது.

ஆயுதத்தையும் பாருங்கள். தூத்துக்குடியில் பயன்பட்டவற்றில் எஸ்.எல்.ஆர். எனப்படும் 7.62 மி.மீ. துப்பாக்கி ஒன்று. அது போர்க்களத்துக்குச் செய்தது, சில நூறு மீட்டர் தள்ளி இருப்பவரையும் வீழ்த்தும். அதன் தோட்டா ஒருவர் உடலைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்பவர் மேலும் பாயலாம். நெருக்கமான கூட்டத்தில் அதைக்கொண்டு ஓர் ஆளை மட்டும் குறிவைப்பது பெரும்பாலும் வெறும் பேச்சு. அன்று மஞ்சள் டி-சர்ட் அணிந்த ஒருவர் போலீஸ் வேனின் கூரைமேல் படுத்து நீண்ட துப்பாக்கியால் குறிபார்க்கும் வீடியோவை நாடே பார்த்தது. அந்த ஒரு காட்சிக்குள் எத்தனை மீறல்கள் இருக்கின்றன! சீருடை இல்லை. சுடுபவர் போலீஸ் என்று எதிரே இருப்பவர்களுக்குத் தெரிய வழியில்லை. பத்தாவது கோட்பாடு கேட்கும் தெளிவான எச்சரிக்கையை அந்தக் கூரையிலிருந்து யார் கொடுத்தார்? அங்கே படுத்திருப்பவருக்கு, தூரத்தில் ஓடுபவரால் என்ன உடனடி ஆபத்து? ஒரே காவலரை நான்கு இடங்களுக்கு அழைத்துப்போய் 17 சுற்றுகள் சுடவைத்தார்கள் என்று ஆணையம் பதிவு செய்திருக்கிறது. ஆபத்து வந்த இடத்தில் இருந்த காவலர் தற்காத்துக்கொள்ளச் சுட்டார் என்ற விளக்கத்துக்கு இது பொருந்தவே இல்லை.

ஒரு துப்பாக்கிச்சூடு நியாயமானதா என்று கண்டுபிடிக்க விசாரணையாளர்கள் எதைத் தேடுவார்கள் என்பதும் இதிலிருந்தே புரியும். பிரேதப் பரிசோதனையில் தோட்டா எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்தது என்று பார்ப்பார்கள். முதுகிலோ பின்தலையிலோ நுழைந்திருந்தால் அவர் திரும்பி ஓடிக்கொண்டிருந்தார் என்றே பெரும்பாலும் பொருள். சுட்ட இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் உள்ள தூரத்தை அளப்பார்கள். ஆயுதக் கிடங்கின் பதிவேட்டில் வெளியே போன தோட்டாக்களையும் திரும்பி வந்தவற்றையும் கழித்துப் பார்ப்பார்கள். சுடும் உத்தரவு எழுதப்பட்டது சுடுவதற்கு முன்பா பின்பா என்று கேட்பார்கள், உத்தரவிட்டவர் அப்போது அந்த இடத்தில்தான் இருந்தாரா என்றும் கேட்பார்கள். தூத்துக்குடியில் சுடும் உத்தரவுகளில் கையெழுத்திட்டவர்கள் தனித் துணை வட்டாட்சியர்கள். அவர்களில் மூன்று பேர் மீதும் ஆணையம் நடவடிக்கை கோரியது. இதெல்லாம் கிடைக்கவேண்டுமானால் முதல் சில நாள்களிலேயே வெளி அமைப்பு ஒன்று விசாரணையைக் கையில் எடுக்கவேண்டும். சுட்ட துறையே முதல் தகவல் அறிக்கையை எழுதினால் அதில் கூட்டம் மட்டும்தான் இருக்கும்.

துப்பாக்கியை ஒதுக்கிவைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றும் எண்ணவேண்டாம். 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த பேரணி ஆட்சியர் அலுவலகம் அருகே தடுக்கப்பட்டது. தடியடி நடந்தது. தப்பிக்க ஓடியவர்கள் தாமிரபரணிக்குள் இறங்கினார்கள். 17 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் ஆற்றில். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் தடி, மீதிப் பக்கம் தண்ணீர் என்றால் தடியும் கொல்லும் ஆயுதம்தான். கலையச் சொல்லும் முன்பு போவதற்குப் பாதுகாப்பான வழி இருக்கிறதா என்று பார்ப்பதும், போக நேரம் கொடுப்பதும் அதனால்தான் விதியாக இருக்கிறது. அடைத்த இடத்தில் கண்ணீர்ப்புகை போடக்கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

தூத்துக்குடிக்குத் திரும்பினால், சுட்ட மறுநாள் அந்த மாவட்டத்திலும் பக்கத்துத் திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் இணையத்தைத் துண்டித்தார்கள். வதந்தியைத் தடுக்க என்றார்கள். சுடப்பட்டவர் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று தேடிய குடும்பங்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். காயம்பட்டவர்களுக்கு உடனே மருத்துவ உதவி, உறவினர்களுக்கு விரைவில் தகவல் என்று அடிப்படைக் கோட்பாடுகளின் ஐந்தாவது பிரிவு கேட்பதற்கு நேர் எதிரானது அந்த மூன்று மாவட்ட இருட்டு.

பொறுப்பு யாருடையது என்ற இடத்தில்தான் எல்லாம் சிக்கிக்கொண்டு நிற்கிறது. மேலதிகாரி சொன்னார், சுட்டேன் என்பது, அந்த உத்தரவு வெளிப்படையாகச் சட்டவிரோதமானதென்று தெரிந்திருந்து மறுக்கவும் வாய்ப்பிருந்தால், காவலருக்குத் தற்காப்பு ஆகாது என்கின்றன அடிப்படைக் கோட்பாடுகள். கீழே இருப்பவர்கள் மீறுவது தெரிந்தும் தடுக்காத மேலதிகாரியும் பொறுப்பு. ஆணையம் 17 காவல்துறையினர் மீதும் அன்றைய ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. தேசிய மனித உரிமை ஆணையமோ, இழப்பீடு கொடுத்தாயிற்று, மாநில அரசு விசாரணை ஆணையம் அமைத்தாயிற்று என்று 2018லேயே கோப்பை மூடியது. அதை எதிர்த்து மனித உரிமைச் செயற்பாட்டாளர் ஹென்றி திபேன் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டியிருந்தது. வழக்குகளை விசாரித்த சி.பி.ஐ. போராடியவர்கள் பலர் மீது குற்றப்பத்திரிகை போட்டது, போலீஸ் தரப்பில் ஓர் ஆய்வாளர் மீது மட்டும். கூட்டமாக நின்றவர்களைத் தனித்தனியாகப் பெயர் சொல்லிச் சட்டத்தின் முன் நிறுத்த முடிந்தது. சுட்டவர்கள் மட்டும் கூட்டமாகவே, காவல்துறை என்ற ஒரே பெயரில் தங்கிவிட்டார்கள்.

இதற்குத் துணை நிற்பது பழைய 132ஆம் பிரிவு. கூட்டம் கலைக்கும் பிரிவுகளின் கீழ் செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்காக ஒரு காவலர் மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது அது. எந்த அரசின் காவல்துறை சுட்டதோ அதே அரசிடம் அனுமதி கேட்கவேண்டும்.

2023இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை எடுத்துவிட்டுப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2024 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 144 இப்போது 163. 129 முதல் 132 வரையிலான பிரிவுகள் 148 முதல் 151 வரை என்று எண் மாறியிருக்கின்றன. தூத்துக்குடி ஆணையத்தின் அறிக்கை வெளியாகி ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு நிறைவேறிய சட்டம் அது. கலையாத கூட்டத்தைப் பலத்தால் கலைக்கலாம் என்ற வாசகம் அப்படியே இருக்கிறது, எந்த நிலையில் துப்பாக்கி என்ற வரம்பு இப்போதும் இல்லை. குறைந்த பலம் என்ற கட்டுப்பாடு 149ஆம் பிரிவில், ராணுவத்துக்கு மட்டும் இருக்கிறது. 148இல் அதே ஒரு வரியைச் சேர்த்து, உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் ஒழியத் துப்பாக்கி கூடாது என்று எழுத நாடாளுமன்றத்துக்கு ஒரு திருத்த மசோதா போதும். மாநில அரசு அதற்குக் காத்திருக்கவும் வேண்டாம். காவல் நிலையாணைகளை மாற்றும் அதிகாரம் அதன் கையில்தான் இருக்கிறது.